தொழிற் கடிதப் பாடம்: வெட்டு மேஜை வேண்டித் தச்சருக்குத் தையற்காரர் எழுதும் கடிதம்

நமது சங்கத்தின் தறிகளில் நெய்யப்படும் துணி, அணிவோர் கைக்குச் செல்லுமுன் பெரும்பாலும் ஒரு தையற்காரரின் மேஜை மீது விரிக்கப்படுகிறது. அந்த மேஜை கோணலாக இருந்தால் துணியும் கோணலாக வெட்டப்படும். அது ஆடினால் குறி பிசகும். அதன் விளிம்பில் சிலும்பு இருந்தால் இழை இழுபடும். ஆயினும் தையல் தொழிலில் உள்ளோர் பலர் மேஜை செய்யச் சொல்லும்பொழுது, "அகலமாக இருக்கட்டும், கால்கள் பலமாக இருக்கட்டும், கீழே தட்டு வேண்டும்" என்ற மூன்று சொற்களோடு நிறுத்திக்கொள்கின்றனர். இம்மூன்று சொற்களுக்கும் தச்சர் ஒரு பொருளும் தையற்காரர் வேறொரு பொருளும் கொள்ளக்கூடும். மேஜை முடிந்து வந்த பின்னரே அவ்வேறுபாடு தெரியவரும். அப்பொழுது மரம் அறுக்கப்பட்டுவிட்டது. பணமும் பாதிக்கு மேல் கொடுக்கப்பட்டுவிட்டது.

இத்தகைய வழக்குகளில் தச்சர் பேரில் குற்றம் சொல்வது பெரும்பாலும் நியாயமாகாது. "பலம்" என்று கேட்டதனால் அவர் கனத்த கால்களை அசையாதபடி இறுக்கிவிட்டார். ஆனால் கடையின் வாசற்படி குறுகலாதலால் மேஜை உள்ளே நுழையவில்லை. வாசலின் அளவை அவருக்கு எவரும் சொல்லவில்லை. ஆகவே, வேலை கொடுப்பவர் எழுத வேண்டியது யாது, வேலை செய்பவரின் அறிவுக்கு விட வேண்டியது யாது என்பதை ஒரு மாதிரிக் கடிதத்தின் வாயிலாக இப்பாடத்தில் காண்போம்.

கடிதம்

ஆடி மாதம் 10ஆம் தேதி

மதிப்பிற்குரிய ஆசாரியார் அவர்களுக்கு,

வணக்கம். நலம், தங்கள் நலம் அறிய அவா. என் கடைக்குத் துணி வெட்டும் மேஜை ஒன்று தங்கள் கையால் செய்துதர வேண்டுகிறேன். அதன் உபயோகத்தையும், எனக்குத் தெரிந்த அளவுகளையும் கீழே எழுதியுள்ளேன். மரத்தின் கனம், இணைப்பின் வகை ஆகியவற்றைத் தாங்களே யோசித்து எனக்கு எழுதுமாறு கோருகிறேன்.

1. மேஜையருகே நின்றுகொண்டு வெட்டுவேன். தரையிலிருந்து என் மடக்கிய முழங்கை 40 அங்குல உயரத்தில் உள்ளது. மேஜையின் மேற்பரப்பு தரையிலிருந்து 36 அங்குலம் இருக்க வேண்டும்.

2. மேற்பலகை 8 அடி நீளம், 4 அடி அகலம். நடுவில் மூட்டு இல்லாத ஒரே பலகை. நான் 45 அங்குல அகலத் துணியை மடிக்காமல் விரிப்பேன். 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் உள்ள படுக்கை விரிப்புகளை நீளவாக்கில் இரண்டாக மடித்து விரிப்பேன்.

3. மேஜை அறையின் நடுவே நிற்கும். இருபுறமும் நின்று வெட்டுவேன். கத்தரி மட்டுமே உபயோகிப்பேன். இயந்திரக் கத்தி இல்லை. ஆனால் மேஜையின் ஒரு முனையில் சில சமயம் இஸ்திரி போடுவேன்.

4. கீழ்த்தட்டில் துணித் தான்கள் அடுக்குவேன். அதிகபட்சம் 40 தான்கள். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 100 கிலோ எடை. காற்றுப் புகும்படி இத்தட்டை ரீப்பர்களால் அமைக்க வேண்டும். தரை கழுவும்பொழுது தான்கள் நனையாதபடி 9 அங்குல உயரத்தில் இருக்கட்டும். இதற்கு மேல், ஒரு பக்கத்தில் மட்டும், கத்தரி, அளவுகோல், காகித வார்ப்புகள் வைக்க 15 அங்குல ஆழமுள்ள சிறு தட்டு ஒன்று வேண்டும்.

5. கடை வாசல் 2 அடி 9 அங்குல அகலமும் 6 அடி 6 அங்குல உயரமும் உள்ளது. அறை 14 அடிக்கு 10 அடி. தரை பழைய சிமெண்டுத் தரை, மட்டம் சரியில்லை.

6. மரம் நன்கு உலர்ந்ததாகவும், வெளிறு இல்லாததாகவும் இருக்க வேண்டும். மேற்பலகை மீது எண்ணெயோ வார்னிஷோ பூச வேண்டாம். நானே காடாத் துணி இழுத்துக் கட்டிக்கொள்வேன். துணி படும் இடம் எதிலும் ஆணித்தலையோ கூர்முனையோ இருக்கலாகாது.

7. ஆவணி 15ஆம் தேதிக்குள் மேஜை கடையில் பொருத்தப்பட வேண்டும். அதன் பின் தீபாவளித் தையல் தொடங்கிவிடும்.

மரம், பிளைவுட், இரும்புச் சாமான், கூலி ஆகியவற்றைத் தனித்தனியே காட்டி விலை எழுதியனுப்புக. நான் எழுதிய அளவுகளில் செய்ய இயலாதது ஏதேனும் இருந்தால், வேலை தொடங்குமுன் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
தையற்காரர்

தச்சரின் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. மேஜையைக் கால்களோடு முழுதாகச் செய்தால் தங்கள் வாசலில் நுழையாது. ஆகவே மூன்று கால்கூடுகளாகச் செய்து, கடையில் வைத்து நீளச் சட்டங்களை போல்ட்டுப் போட்டு இணைக்கலாம் என்பது என் யோசனை. கால்கள் ஆறு வரும். மேற்பலகைக்கு 19 மில்லிமீட்டர் பிளைவுட் போதும். எட்டடிக்கு நாலடிப் பலகையின் விளிம்பைச் சுற்றி அரை அங்குலத் தேக்குப் பட்டை ஒட்ட வேண்டியிருப்பதால், முடிந்த அளவு நீளத்திலும் அகலத்திலும் ஓர் அங்குலம் கூடும். சம்மதமா என எழுதவும். கால்களுக்கும் சட்டங்களுக்கும் வேம்பு உள்ளது. வெட்டி இரண்டாண்டு நிழலில் கிடந்த கட்டை. கால்கள் 3 அங்குலச் சதுரமாக அறுத்து இழைத்தால் 2¾ அங்குலம் நிற்கும். விலைக் குறிப்பு தனித்தாளில் உள்ளது.

இங்ஙனம்,
தச்சர்

விளக்கம்

இக்கடிதத்தில் தையற்காரர் தமக்குத் தெரிந்தவற்றை மட்டும் எண்களாக எழுதியுள்ளார் என்பது முதலில் கவனிக்கத் தக்கது. தம் உடலின் அளவு, துணியின் அளவு, அறையின் அளவு, தட்டின் பாரம் ஆகிய நான்கும் அவருக்கே தெரியும். தச்சர் அவற்றை ஊகித்தறிய இயலாது. கால் எத்தனை, சட்டம் எவ்வளவு கனம், இணைப்பு எவ்வகை என்பன தச்சரின் துறை. தையற்காரர் "நான்கு கால்கள்" என்று கண்டிப்பாக எழுதியிருப்பாராயின், தச்சர் நான்கு கால்களோடு நிறுத்தியிருப்பார். அவ்வாறு எழுதாமல் வாசலின் அளவை எழுதியதனாலேயே, பிரித்துப் பூட்டும் மேஜை என்ற யோசனை பிறந்தது.

உயரமும் அகலமும்

நின்று வெட்டுவோருக்கு மேஜை தாழ்ந்திருந்தால் முதுகு வளையும். சில மணி நேரத்தில் இடுப்பு நோகும். உயர்ந்திருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும். கத்தரியின் கீழலகு மேஜைமீது படிந்து செல்லாது. வழக்கமாக அணியும் செருப்போடு நிமிர்ந்து நின்று, முழங்கையை மடக்கி, அதற்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்து, அதில் 4 அங்குலம் கழித்தால் மேஜையின் உயரம் கிடைக்கும். நமது கடிதத்தில் 40இல் 4 போக 36 அங்குலம் வந்தது இவ்வாறே. இருவர் வேலை செய்யும் கடையானால் உயரமானவருக்குத் தக்கபடி மேஜை செய்து, மற்றவர் நிற்கப் பலகையொன்று போடலாம். உயர்ந்தவருக்குத் தாழ்ந்த மேஜையைப் பின்னர் உயர்த்துவது எளிதன்று.

அகலத்திற்கு எல்லை வகுப்பது கையின் எட்டாகும். நின்ற இடத்திலிருந்து சற்றே குனிந்து, குறி பிசகாமல் கத்தரி பிடிக்கக்கூடிய தூரம் ஏறக்குறைய 24 அங்குலமேயாம். 48 அங்குல மேஜையில் இருபுறமிருந்தும் நடுக்கோட்டை எட்டலாம். சுவரோடு ஒட்டிப் போட்டாலோ, பாதி அகலம் பயனின்றிப் போகும். அகலமான மேஜை கேட்போர் அதைச் சுற்றி நடக்கும் இடத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். இக்கடையில் அறை 14 அடிக்கு 10 அடி. மேஜை 8 அடிக்கு 4 அடி. நான்கு பக்கமும் ஏறக்குறைய 3 அடி வழி கிடைக்கிறது. அறையின் அகலம் 8 அடியாக இருந்திருப்பின், பக்கத்திற்கு இரண்டடிதான் மிஞ்சும். குனிந்து வெட்டுபவரின் பின்னால் மற்றொருவர் செல்ல முடியாது. அப்பொழுது மேஜையின் அகலத்தை 3 அடியாகக் குறைத்து, துணியை மடித்து வெட்டுவதே தக்கது.

நீளத்தை நிர்ணயித்தது படுக்கை விரிப்பாகும். 90 அங்குல நீள விரிப்பு 96 அங்குல மேஜையில் தொங்காமல் படுக்கும். துணி மேஜைக்கு வெளியே தொங்கினால் அதன் பாரம் மேலுள்ள பகுதியை இழுக்கும். தளர்வாக நெய்த துணி இவ்விழுப்பில் சாய்ந்துவிடும். சாய்ந்தபடி வெட்டிய துணி, முதல் சலவைக்குப் பின் தன் பழைய நிலைக்குத் திரும்ப முயல்வதால், தையல் முறுக்கிக்கொள்ளும். நெசவாளரின் குறையென்று வாங்குவோர் கூறும் முறுக்கல்களில் சில இவ்வாறு மேஜையில் தோன்றியவை.

இங்கே அளவு முறை பற்றியும் ஒரு சொல். துணி மீட்டரிலும், தையலளவு அங்குலத்திலும், தச்சரின் மரம் அடியிலும், பிளைவுட்டின் கனம் மில்லிமீட்டரிலும் வழங்குகின்றன. ஆகவே கடிதத்தில் எந்த எண்ணையும் தனித்து நிற்க விடலாகாது; அதனருகே அலகின் பெயரை எழுத வேண்டும்.

உறுதியான கால்கள்

கால் தடித்திருந்தால் மேஜை உறுதியாகும் என்ற எண்ணம் பொதுவாக உள்ளது. ஆனால் மேஜை ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும் காலன்று, காலும் சட்டமும் சேரும் இடமேயாகும். 2¾ அங்குலக் கால் ஒன்று நசுங்கி முறிந்ததாக எவரும் காண்பதரிது. இணைப்பு தளர்ந்து மேஜை அசைவதோ தினமும் காணும் காட்சி.

இதற்கு முதற்காரணம் மரத்தின் ஈரமாகும். மரம் உலரும்பொழுது நீளத்தில் குறைவது மிகச் சொற்பம். குறுக்கே குறைவதோ கண்ணுக்குத் தெரியும். காலில் துளையிட்டுச் சட்டத்தின் நாக்கை அதில் ஏற்றும்பொழுது இறுக்கமாகவே இருக்கும். ஈரமரமாயின் சில மாதங்களில் நாக்கு மெலியும், துளை அதனோடு ஒத்து மெலியாது, இடைவெளி விழும். பிறகு ஆப்பு அடித்தாலும் ஆணி அடித்தாலும் தற்காலிகமாகவே நிற்கும்.

மரம் உலர்ந்ததா என்பதை அங்கத்தினர் தாமே சோதிக்கலாம். அறுக்கும்பொழுது விழும் துண்டொன்றை, முனையிலன்றிக் கட்டையின் நடுப்பகுதியிலிருந்து கேட்டு வாங்கி, நுட்பமான தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்க. வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் இரண்டு வாரம் வைத்து மீண்டும் நிறுக்க. 20இல் ஒரு பங்குக்கு மேல் எடை குறைந்திருந்தால் அம்மரம் இன்னும் காய வேண்டியது. உதாரணமாக, 400 கிராம் இருந்த துண்டு 375 கிராம் ஆகிவிட்டால் குறைவு 25 கிராம். இருக்கக்கூடிய எல்லை 20 கிராமே. ஆகவே காத்திருக்க வேண்டும். இச்சோதனைக்கு இரண்டு வாரம் தேவையாதலால், கடிதத்தை முன்கூட்டியே எழுதுவது அவசியமாகிறது. நம் தையற்காரர் ஆடியிலேயே எழுதியதன் பயன் இது.

பயிரிடும் அங்கத்தினர் சிலர் தம் வேலியோரத்து வேம்பையோ பூவரசையோ வெட்டித் தச்சரிடம் கொடுப்பதுண்டு. வெட்டிய மரத்தை முழுக்கட்டையாகவே போட்டுவைத்தால் உள்ளே உலர்வது மிக மெதுவாக நடக்கும். தேவையான கனத்திற்குச் சற்றுக் கூடுதலாக அறுத்து, ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே சிறு குச்சிகளை வைத்துக் காற்றுப் புகும்படி அடுக்கி, நிழலில் விட வேண்டும். ஓர் அங்குலப் பலகை உலரும் காலத்தில் மூன்றங்குலக் கால் உலர்ந்துவிடாது. கட்டையின் ஓரத்தில் வெளுத்துத் தோன்றும் வெளிறை நீக்கிவிட வேண்டும். வைரம் பாய்ந்த பகுதியைவிட வெளிற்றிலேயே உளு விரைவில் விழும். கால்களின் அடியில் மாவு போன்ற தூள் கொட்டினால் உளு விழுந்தமைக்கு அடையாளம்.

இரண்டாவது காரணம் சட்டத்தின் நிலை. மேற்பலகைக்குக் கீழ் ஓடும் சட்டம் 4 அங்குலத்திற்கு 1½ அங்குலமாக அறுக்கப்படுகிறது. இதனை 4 அங்குலப் பக்கம் செங்குத்தாக நிற்கும்படி வைக்க வேண்டும். சட்டத்தின் அகலத்தை இரட்டித்தால் அதன் வளையாத்தன்மை இரு மடங்காகும். உயரத்தை இரட்டித்தாலோ எட்டு மடங்காகும். எனவே மரத்தைக் கூட்டாமலே, நிறுத்தி வைப்பதனால் பலம் கூடுகிறது. காலோடு சேருமிடத்திலும் 4 அங்குல உயரச் சட்டம் 2 அங்குலச் சட்டத்தைவிட நீண்ட பிடிப்பைப் பெறுகிறது. பக்கவாட்டில் ஆடும் ஆட்டத்தை அடக்குவது இப்பிடிப்பே. இஸ்திரிப் பெட்டியை முன்னும் பின்னும் தள்ளும்பொழுது மேஜைக்கு நேர்வது இந்தப் பக்கவாட்டு ஆட்டமேயாதலால், இஸ்திரி போடுவதைக் கடிதத்தில் குறிப்பிட்டது வீண்வார்த்தையன்று.

தச்சர் கூறிய கால்கூடு என்பது யாது? இரண்டு கால்களையும், அவற்றை இணைக்கும் மேல், கீழ்க் குறுக்குச் சட்டங்களையும் நாக்கும் துளையுமாகச் சேர்த்துப் பசையிட்டு இறுக்கிய ஒரு கூடாகும். அதன் அகலம் 3 அடி 4 அங்குலம். உயரம் 3 அடிக்குச் சற்றுக் குறைவு. கனம் 2¾ அங்குலம். ஒருக்களித்துப் பிடித்தால் எந்த வாசலிலும் நுழையும். இவ்வாறு மூன்று கூடுகளை வரிசையாக நிறுத்தி, 7 அடி 4 அங்குல நீளச் சட்டங்களை மேலும் கீழும் பூட்டினால் மேஜையின் உடல் முடிந்தது. நீளச் சட்டத்தை வெறும் போல்ட்டில் தொங்கவிடலாகாது. காலின் வெளிப்புறத்தில் அரை அங்குல ஆழத்திற்குக் காடி வெட்டி, அக்காடியில் சட்டம் இறுக்கமாக அமர வேண்டும். பாரத்தை மரம் தாங்கும். போல்ட்டு பிடித்துக்கொள்ள மட்டுமே உதவும். மேற்சட்டத்தில் ஒவ்வோர் இணைப்புக்கும் இரண்டும், கீழ்ச்சட்டத்தில் ஒவ்வொன்றும் ஆக 18 போல்ட்டுகள் தேவை. அவற்றின் தலைகள் மரத்திற்குள் அடங்க வேண்டும். முதல் கோடை கழிந்தபின் ஒரு முறை நட்டுகளை இறுக்கிவிட்டால், பின்னர் நெடுங்காலம் தொந்தரவு இராது.

ஆறு கால் மேஜையில் ஒரு குறையும் உண்டு. தரை மட்டமில்லாவிடில் ஏதேனும் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். ஆகவே காலடிகளைச் சமன்செய்யும் வேலை தச்சுப் பட்டறையிலன்றி, மேஜை நிற்கப்போகும் இடத்திலேயே ரசமட்டம் வைத்து நடைபெற வேண்டும். தரையைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி எழுதியதனால், தச்சர் கால்களைச் சற்று நீளமாகவே விட்டு, கடைக்கு வந்து அறுத்துக்கொள்ள முடிந்தது.

தட்டுகளும் மேற்பலகையும்

கீழ்த்தட்டுக்கு 3 அங்குல அகலமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள ரீப்பர்கள் குறுக்கே போடப்படுகின்றன. இடையே அரை அங்குலச் சந்து விட்டால் 7 அடி 4 அங்குல நீளத்திற்கு 25 ரீப்பர்கள் கொள்ளும். 100 கிலோ பாரத்தை 25 ரீப்பர்கள் பகிர்ந்தால் ஒன்றுக்கு 4 கிலோதான் வரும், வளைவதற்கு இடமில்லை. இதே தட்டை மெல்லிய பிளைவுட்டாக, நடுவில் தாங்கல் இன்றிப் போட்டிருந்தால் சில மாதங்களில் நடுப்பகுதி தொய்ந்துவிடும். மேலும், கஞ்சியிட்ட துணி காற்றில்லாத இடத்தில் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். சந்துள்ள தட்டு அதைத் தடுக்கும். ரீப்பரின் மேல் விளிம்புகளை இழைப்புளியால் மழுக்கிவிட வேண்டும்.

மேற்பலகை கால்கூட்டைவிட எல்லாப் பக்கங்களிலும் 4 அங்குலம் வெளியே நீண்டிருப்பதற்கும் காரணமுண்டு. நிற்பவரின் பாதம் உள்ளே செல்ல அவ்விடம் தேவை. தட்டும் பலகையும் ஒரே விளிம்பில் முடிந்தால் கால்விரல் தட்டில் இடிக்கும். வேலை செய்பவர் அரை அடி பின்னே நின்று குனிவார்.

மேற்பலகைக்குத் தனிப் பலகைகளை ஒட்டிச் சேர்ப்பதைவிட ஒரே பிளைவுட் சிறந்தது. ஒட்டிய பலகைகளின் மூட்டு கோடையில் விரிந்தால், குறியிடும் கட்டியும் கத்தரியின் நுனியும் அச்சந்தில் இறங்கும். பிளைவுட்டில் ஏடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் விரிவும் சுருக்கமும் மிகக் குறைவு. கடைகளில் 8 அடிக்கு 4 அடியாகவே அது கிடைப்பதால், அறுத்து வீணாக்கவும் வேண்டியதில்லை. இரண்டு கூடுகளுக்கு நடுவிலும் ஒவ்வொரு குறுக்குச் சட்டம் கூடுதலாக வைத்தால், ஊன்றும்பொழுது பலகை அமுங்காது. பலகையைக் கீழிருந்தே திருகாணியால் பிடிக்க வேண்டும். 19 மில்லிமீட்டர்ப் பலகைக்குள் திருகாணி 12 மில்லிமீட்டருக்கு மேல் ஏறலாகாது. ஏறினால், இன்று தெரியாவிட்டாலும் பின்னொரு நாள் நுனி மேலே எட்டிப் பார்க்கும்.

எண்ணெய் பூச வேண்டாம் என்றதும் இங்கு நோக்கத் தக்கது. மரத்துக்கு எண்ணெய் நல்லதே. ஆனால் இஸ்திரியின் சூட்டில் அது கசிந்து வெள்ளைத் துணியில் கறையாகும். கால்களுக்கு வர்ணம் பூசலாம்.

விலைக் குறிப்பைப் படிக்கும் முறை

மரத்தின் அளவை அங்கத்தினரே கணக்கிட்டுப் பார்க்கலாம். அறுத்த அளவில் நீளம், அகலம், கனம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி, 1728ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். ஒரு கால் 36, 3, 3 ஆகியவற்றின் பெருக்கமான 324 கன அங்குலம்; ஆறு கால்களுக்கு 1944. மேல் நீளச் சட்டம் இரண்டு 1056. மேல் குறுக்குச் சட்டம் ஐந்து 1200. 3 அங்குலத்திற்கு 1½ அங்குலமான கீழ் நீளச் சட்டம் இரண்டு 792. கீழ்க் குறுக்குச் சட்டம் மூன்று 540. ரீப்பர் 25க்கு 3000. மொத்தம் 8532 கன அங்குலம். அதாவது ஏறக்குறைய 5 கன அடி. அறுப்பிலும் முடிச்சு நீக்குவதிலும் பத்திலொரு பங்கு கழிவு சேர்த்தால் 5½ கன அடி ஆகிறது. குறிப்பில் 5½ கன அடி கண்டிருந்தால் நியாயமே. 8 கன அடி கண்டிருந்தால் காரணம் கேட்கலாம். 4 கன அடி கண்டிருந்தாலும் கேட்கத்தான் வேண்டும். அங்கே கால்கள் மெலிந்துவிட்டன என்று பொருள்.

அறுத்த அளவும் இழைத்த அளவும் வேறு என்பதை மறவாதிருத்தல் வேண்டும். மரத்திற்கு விலை அறுத்த அளவிலேயே. மேஜையில் நிற்பது இழைத்த அளவு. மூன்றங்குலம் கேட்டு 2¾ அங்குலம் வந்ததென்று எழும் சச்சரவை, தச்சர் தம் பதிலில் இரண்டையும் எழுதியதனாலேயே தவிர்த்துவிட்டார்.

பணத்தை மூன்று தவணையாகக் கொடுத்தல் இருவருக்கும் பாதுகாப்பு. மரம் வாங்க ஒரு பங்கு. கூடுகள் இறுக்கி முடிந்து, வர்ணம் பூசுமுன் நேரில் பார்த்தபின் ஒரு பங்கு. கடையில் பொருத்திச் சோதித்தபின் எஞ்சிய பங்கு. வர்ணம் பூசிய பின் வெளிறும் தெரியாது; இணைப்பில் அடைத்த மரத்தூளும் தெரியாது. சங்கத்திடம் கடன் கோரும் அங்கத்தினர், இவ்விரு கடிதங்களின் பிரதிகளையும் மனுவோடு இணைத்தால் செலவின் விவரம் தெளிவாகும்.

ஏற்றுக்கொள்ளுமுன் சோதனை

மேஜை பூட்டி முடிந்ததும் மூன்று சோதனைகள் போதும். முதலாவது, எதிரெதிர் மூலைகளுக்கிடையே நாடா பிடித்து இரு குறுக்களவையும் காண்க. இரண்டும் சமமானால் பலகை நேர்மூலை உடையது. அரைக்கால் அங்குலத்திற்கு மேல் வேறுபட்டால், விளிம்பை ஆதாரமாகக் கொண்டு துணியை நேர்படுத்த முடியாது. பட்டையை இழைத்துச் சரிசெய்யக் கோரலாம். இரண்டாவது, ஒரு நூலை நீளவாக்கில் பலகையின்மேல் இழுத்துப் பிடித்து, நடுவே சந்து தெரிகிறதா எனப் பார்க்க. சந்து தெரிந்தால் பலகை தொய்ந்துள்ளது. மூன்றாவது, குறுகிய முனையில் இரு கைகளையும் ஊன்றி, இஸ்திரி தள்ளுவதுபோல் முன்னும் பின்னும் தள்ளுக. கால்கள் தரையில் வழுக்கலாம். ஆனால் மூட்டுகள் அசையவோ ஒலிக்கவோ கூடாது. இறுதியாக, பழைய பட்டுத்துணித் துண்டொன்றால் பலகையையும் விளிம்பையும் தட்டுகளையும் ஒரு முறை துடைத்தால், இழை சிக்கும் இடமெல்லாம் தாமே அகப்படும். அவ்விடங்களைத் தச்சர் உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்த பிறகே கடைசித் தவணையைச் செலுத்துக.

பயிற்சிக் கேள்விகள்

1. தையற்காரரின் முழங்கை 43 அங்குல உயரத்திலும், உதவியாளரின் முழங்கை 39 அங்குல உயரத்திலும் இருப்பின், மேஜையின் உயரம் எவ்வளவு இருத்தல் வேண்டும்? உதவியாளருக்குச் செய்ய வேண்டியது யாது?

2. 500 கிராம் எடையுள்ள மரத்துண்டு இரண்டு வாரத்தில் 480 கிராம் ஆயிற்று. அம்மரத்தை உபயோகிக்கலாமா?

3. மேஜையின் நீளத்தை 6 அடியாகக் குறைத்தால், 90 அங்குல விரிப்பை வெட்டுவதில் நேரும் கெடுதல் யாது?

4. அறையின் அகலம் 8 அடியே உள்ள ஒரு கடைக்குத் தக்கபடி, மேற்கண்ட கடிதத்தின் 2, 3, 5ஆம் பகுதிகளை மாற்றி எழுதுக.